மில்லுல பாம்புக் காது

எனக்குக் கோவம் ஜாஸ்தி. ஊருல யாரக் கேட்டாலும் இப்ப சொல்லுவாங்க. கொஞ்ச வருஷம் முன்னாடி கேட்டிருந்தீங்கன்னா, "யாரு, மாவு மில்லுக்காரம்மாவா? அது ரொம்ப சாதுங்க, அதிர்ந்து ஒரு வார்த்த பேசாது"ன்னு சொல்லியிருப்பாங்க. அடப்பாவிங்களா! நான் அப்பவும் கத்திக்கினுதான் இருந்தேன். என் மண்டைக்குள்ள அது இடி மாதிரி கேட்டுச்சு. உங்களுக்குத்தான் கேக்கல.

எங்க மில்லு தியாகதுருகத்துல, கடத்தெருவுக்குப் பின்னாடி. மில்லுன்னா பெருசா நெனச்சுக்காதீங்க. அரிசி, கோதுமை, கேவுருக்கு ஒரு கல்லு மிஷினு, மிளகா மல்லிக்கு ஒண்ணு, தகரக் கூரை. மிஷினு ஓட ஆரம்பிச்சா கூரையும் சேந்து அதிரும். வர்றவங்க எல்லாம் வாயக் காதுகிட்ட கொண்டாந்து கத்துவாங்க, அப்பயும் எங்க வூட்டுக்காரருக்குப் புரியாது, "இன்னா, இன்னா"ம்பாரு. எனக்குப் புரியும். வாசல்ல நின்னுகினு ஒருத்தர் "ரவை மாதிரி ஓட்டும்மா, நைசா வேணாம்"னு சொன்னா, மிஷினுக்கு இந்தாண்ட இருந்தே நான் தலையாட்டிடுவேன். கல்வராயன் மலையிலருந்து சாமை, தினை மூட்டையோட எறங்கி வர்ற ஒரு அக்கா எப்பவும் சொல்லும், "இந்தப் பொண்ணுக்குப் பாம்புக் காதுடி"ன்னு. எனக்குப் பெருமை தாங்காது.

அதே பாம்புக் காது வூட்டுக்கு வந்தா செத்துப் போயிடும்.

ரெண்டாவது பிரசவத்துக்கு அப்புறம்தான் ஆரம்பிச்சுது. அந்தப் புள்ள தங்கல, அது வேற கதை, அத இங்க பேசப் போறதில்ல. ஒடம்பு தேறி எழுந்து உக்காந்தப்ப எடது காதுல சதா ஒரு ரீங்காரம். அழுக்கு அடைச்சிருக்கும்னு மருந்துக்கடையில சொட்டு மருந்து வாங்கி ஊத்தினேன். பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெய ஊத்தினேன். தலகாணி நாறினதுதான் மிச்சம். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா, ஒரு நாளு கூட "இன்னைக்குக் கொறஞ்சிடுச்சு"ன்னு தெரியாத அளவுக்கு மெதுவா, வூடு அமைதியாயிக்கினே வந்துச்சு. குக்கர் விசில் தூரமாப் போச்சு. தெருவுல மணி அடிச்சுக்கினு வர்ற ஐஸ் வண்டி எங்க தெருவ விட்டுட்டான்னே நெனச்சேன்.

எங்க வூட்டுக்காரரு நல்ல மனுஷன், மெதுவாப் பேசுற மனுஷன். அதுதான் தொல்லையே. ஒரு விஷயத்த ரெண்டு தடவ சொல்லுவாரு, மூணாவது தடவ "வுடு, ஒண்ணுமில்ல"ம்பாரு. அந்த "ஒண்ணுமில்ல" இருக்கே, அதக் கேட்டா எனக்குப் பத்திக்கினு வரும். ஒண்ணுமில்லாததயா ரெண்டு தடவ சொன்ன?

அவருக்கும் என் மேல சந்தேகம். "மில்லுல ஊரு பேசறதெல்லாம் கேக்குது, வூட்ல நான் பேசறது மட்டும் கேக்கலியா?"ம்பாரு. நியாயம்தானே.  நான் பாத்திரம் கழுவப் போயிட்டா, அழுத்தம்னு நெனச்சுக்குவாரு.

அப்படியே எங்க வூட்டுக்குன்னு ஒரு வழக்கம் வந்துடுச்சு. யாரும் ஒக்காந்து பேசி வச்ச வழக்கம் இல்ல, தானா வந்தது. முக்கியமான எதையும் வூட்ல பேசறதில்ல, மில்லுல பேசுறது. நாத்தனார் வூட்டு விசேஷத்துக்கு இன்னா செய்யணும், பள்ளிக்கூடத்துல இன்னா சொன்னாங்க, எல்லாம் மிஷினு ஓடிக்கினு இருக்கப்பதான். ஒரு ஞாயித்துக்கெழம அரைக்கறதுக்கு ஒரு பிடி தானியம் இல்ல. எங்க வூட்டுக்காரரு எதையோ சொல்லணும்னு வெறும் மிஷின ஆன் பண்ணிட்டு வாயத் தொறக்கறாரு. கல்லோட கல்லு உரசினா, அரைக்கறதுக்குக் கல்லுல கொத்தி வச்ச கொத்து தேஞ்சு போயிடும்னு கூடத் தோணல அந்த மனுஷனுக்கு. "நிறுத்துய்யா"ன்னு கத்தினேன். கேக்கல அவருக்கு. நானே ஓடிப் போய் நிறுத்தினேன். அது நிக்கறதுக்குள்ள அவரு விஷயத்த சொல்லி முடிச்சுட்டாரு.

எம் பொண்ணு ரெண்டாங்கிளாஸ். ஒத்தப் பொண்ணு. அதுவும் அந்த வழக்கத்துக்குப் பழகிடுச்சு. பள்ளிக்கூடம் விட்டு நேரா மில்லுக்கு வரும், பைய மூட்டை மேல போடும், ஒரு கையில என் சேலைய இழுத்துப் புடிச்சுக்கினு அன்னைக்கு நடந்த அத்தனையும் கத்தும். வூட்டுக்குப் போயிட்டா எங்கிட்ட பேச்சு கம்மி. அப்பாவும் பொண்ணும் ஒரு மூலையில ஒக்காந்துகினு இன்னாவோ குசுகுசுன்னு பேசிச் சிரிப்பாங்க. சில சமயம் நான் அடுப்புகிட்ட நிக்கறப்ப, பின்னாடி வந்து எதையோ சொல்லிட்டு அந்தக் குட்டி ஓடும். நான் சும்மா திரும்பினா ரெண்டும் வாயப் பொத்திக்கினு குலுங்கும். "இன்னாடி சொன்ன?"ன்னு கேட்டா, "ஒண்ணுமில்லம்மா!"ன்னு கத்தும். அப்பனப் போலவே.

எனக்கு வலிச்சுது. வெளிய சொல்லல. என் காத வச்சுத்தான் சிரிக்குதுங்கன்னு முடிவே பண்ணிட்டேன். எங்க அம்மாவோட அக்கா, எங்க பெரியம்மா, கச்சிராயபாளையத்துக்கு அந்தாண்ட மலையடிவாரத்துல இருக்காங்க. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் அவங்க ஒரு ஓரமா ஒக்காந்துகினு, எல்லாரும் சிரிச்சா தானும் சிரிப்பாங்க, எதுக்குன்னு தெரியாம. சின்ன வயசுல எங்களுக்கெல்லாம் அவங்க செவுட்டுப் பெரியம்மா. நானும் அந்த ஓரத்துக்குத்தான் போய்க்கினு இருக்கேனோன்னு நெனைப்பேன். ஊரு பேசறது கேக்காட்டிப் போவுது. எம் பொண்ணு மெதுவா ஒண்ணு சொன்னா எனக்குக் கேக்கணும். அவ்ளோதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. அதுவே இல்லன்னு ஆயிட்டா அப்புறம் இன்னா வாழ்க்க?

அப்பதான் டீச்சரு கூப்பிட்டு அனுப்பினாங்க.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா, பாப்பா நல்லாப் படிக்குது. ஆனா எதுக்கும் கத்துது. பக்கத்துல ஒக்காந்திருக்கற புள்ளகிட்ட ரப்பர் கேக்கறதக் கூட அடுத்த கிளாஸுக்குக் கேக்கற மாதிரி கேக்குது. காது சரியாக் கேக்காத புள்ளைங்கதான் இப்படிக் கத்தும். ஒருக்கா காட்டிடுங்களேன்"ன்னாங்க. பள்ளிக்கூடத்துக்குப் புள்ளைங்களப் பாக்க வர்ற டாக்டரும் அதையே சொல்லி, கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துட்டாரு.

டீச்சரு சொன்னதுல பாதி எனக்கு வாயப் பாத்துத்தான் புரிஞ்சுது. ஆனா எம் பொண்ணுக்குக் காது கேக்கலன்னதும் எனக்கு வந்துச்சே கோவம்! "எம் பொண்ணுக்கு ஒரு கொறையும் கெடயாது"ன்னு அந்தக் கிளாஸே கிடுகிடுக்கற மாதிரி கத்தினேன். டீச்சரு முன்னாடி குனிஞ்சு, "என்னம்மா சொன்னீங்க?"ன்னாங்க.

கள்ளக்குறிச்சி பஸ்ஸுல நானும் பொண்ணும் ஏறினோம். இஞ்சின் இரைச்சல்ல அது வழியெல்லாம் பேசிக்கினே வந்துச்சு, எனக்கு அத்தனையும் கேட்டுச்சு. பெரியம்மா காது எனக்கில்லாம எம் பொண்ணுக்கு எறங்கிடுச்சோன்னு பயந்துகினே போனேன். இத்தனைக்கும் எனக்குக் கேக்கலங்கறது அப்பக்கூட எனக்கு ஒரு வியாதியாத் தோணல பாருங்க.

காது டெஸ்ட் எடுக்கற ரூமு ஒரு பெட்டி மாதிரி. சுவத்துல எல்லாம் மெத்து மெத்துன்னு ஒட்டி வச்சிருக்காங்க, கதவ மூடினா வெளியச் சத்தம் ஒண்ணும் உள்ள வராது. ஒரு சின்ன வயசு மேடம் எம் பொண்ணு காதுல ஹெட்போன மாட்டி, சத்தம் கேக்கறப்பல்லாம் ஒரு கட்டைய டப்பால போடச் சொன்னாங்க. அது போட்டுக்கினே இருந்துச்சு. மேடம் வெளிய வந்து சிரிச்சாங்க.

"பாப்பா காது அருமையா இருக்குங்க. கொசு பறந்தாக் கூடக் கேக்கும். வூட்ல யாருக்காவது காது கம்மியாக் கேக்குமா?"

"இல்லீங்க"ன்னேன்.

"என்னங்க?"

"இல்லீங்க!" எனக்கு அது கூச்சல். அவங்களுக்குக் கேக்கவே இல்ல போல. என்னையே ஒரு மாதிரி பாத்தாங்க. அப்புறம் கையில இருந்த பேப்பரால வாய மறைச்சுக்கினு இன்னாவோ செஞ்சாங்க. நான் அந்தப் பேப்பரையே பாத்துக்கினு நின்னேன். எம் பொண்ணு என் சேலையப் புடிச்சு இழுத்து, "அம்மா! ஒம் பேரு இன்னான்னு கேக்கறாங்க!"ன்னு அந்த வராண்டாவே திரும்பிப் பாக்கற மாதிரி கத்துச்சு.

மேடத்துக்கு அங்கயே புரிஞ்சுடுச்சு. வூட்ல கத்தினாத்தான் அம்மாவுக்குக் கேக்கும், அதனால புள்ள கத்திப் பேசக் கத்துக்கிச்சு, வேற ஒண்ணுமில்ல. ஆனா எனக்குப் புரியல. நான் சண்டைக்கே போயிட்டேன். "எனக்கா கேக்கல? மில்லு ஓடறப்ப ஊருக்கே கேக்காதது எனக்குக் கேக்குமே!"

அதச் சொன்னதும் அந்த மேடம் மூஞ்சி மாறிச்சு பாருங்க. தேடிக்கினு இருந்தது கெடச்ச மாதிரி. "சத்தமான எடத்துலதான் நல்லாக் கேக்குமாங்க?"ன்னு ஒவ்வொரு வார்த்தையா நிறுத்திக் கேட்டாங்க. ஆமான்னேன். "உள்ள வாங்க"ன்னு என்னைய அந்தப் பெட்டிக்குள்ள ஒக்கார வச்சுட்டாங்க.

ஹெட்போன மாட்டினாங்க. ஒண்ணும் கேக்கல. நேரம் போய்க்கினே இருக்கு, கையில பட்டன வச்சுக்கினு நான் தேமேன்னு ஒக்காந்திருக்கேன். கண்ணாடிக்கு அந்தாண்ட எம் பொண்ணு என்னையே பாத்துக்கினு நிக்குது, "அமுத்தும்மா, அமுத்து"ன்னு வாயசைக்குது. அப்பதான் எனக்குத்தான் கேக்கலன்னு ஒறைச்சுது, ஒடைஞ்சு போயிட்டேன். அதுக்கப்புறம் ஹெட்போன எடுத்துட்டு, காதுக்குப் பின்னாடி எலும்புல ஒரு சின்னக் கட்டை மாதிரி ஒண்ண அமுக்கி வச்சாங்க. கேட்டுச்சு! சன்னமாச் சன்னமா எல்லாம் கேட்டுச்சு. காது வழியா வர்ற சத்தம் உள்ள போவல, எலும்பு வழியாப் போனா கேக்குது. இது இன்னா கூத்துன்னு வாயப் பொளந்தேன்.

காது டாக்டரு உள்ளயெல்லாம் லைட் அடிச்சுப் பாத்தாரு. செவிப்பறை நல்லா இருக்கு, அழுக்கு இல்ல, சீழ் இல்லன்னாரு. ஒரு இரும்புக் கவைய முட்டியில தட்டி, அது அதிர்றப்பவே என் நெத்தி நடுவுல வச்சு, எந்தப் பக்கம் கேக்குதுன்னாரு. எடது பக்கம்னேன். மோசமான காதே அதுதானே, நம்மளக் கிண்டல் பண்றாரோன்னு கூட நெனச்சேன். அவரு தலையாட்டிக்கினாரு. வழி அடைச்ச பக்கம்தான் எலும்புச் சத்தம் தூக்கலாக் கேக்குமாம்.

அப்புறம் ஒரு படத்தக் காட்டி பொறுமையாச் சொன்னாரு. செவிப்பறைக்குப் பின்னாடி மூணு எலும்பு ஒண்ணோட ஒண்ணு கோத்துக்கினு இருக்கு. கடைசி எலும்பு குதிரை மேல ஏறுறவங்க கால் வைக்கற அங்கவடி மாதிரி இருக்கும், அதனால அங்கவடி எலும்பு. ஒரு அரிசி அளவு கூட இருக்காது. அது உள்காதோட ஜன்னல்ல ஆடிக்கினே இருந்தாத்தான் சத்தம் உள்ள போவும். எனக்கு ரெண்டு காதுலயும், எடதுல ஜாஸ்தியா, அந்த ஜன்னல ஒட்டிப் புதுசா எலும்பு வளந்து, ஆடறதக் கெட்டியாப் புடிச்சுக்கிச்சு. குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு கேட்டாரு, பெரியம்மாவச் சொன்னேன். பிரசவத்துக்கு அப்புறம் ஜாஸ்தியாச்சான்னு கேட்டாரு, ஆமான்னேன். சில பொம்பளைங்களுக்கு அப்படி ஆவறதுண்டு, நீங்க செஞ்ச தப்பு ஒண்ணுமில்லன்னாரு.

எனக்கு டக்குனு புரிஞ்சுது. எங்க மிஷினுல தானியம் கொட்டற கூம்புக்கு அடியில ஒரு சின்னத் தகடு ஆடிக்கினே இருக்கும். அது ஆடினாத்தான் தானியம் கல்லுக்குள்ள விழும். மாவு இறுகி அது நின்னுட்டா, மேல கூம்பு ரொம்பி வழியும், கீழ கல்லு சும்மாச் சுத்தும். எனக்குக் கல்லு நல்லா இருக்கு. தகடுதான் நின்னுபோச்சு. இத டாக்டருகிட்ட சொன்னேன். "கரெக்டுங்க"ன்னாரு.

மில்லு விஷயமும் அவருதான் வெளக்குனாரு. மிஷினு இரைச்சல் எனக்குக் கம்மியாத்தான் உள்ள போவுது. மத்தவங்க இரைச்சல மீறிக் கேக்கணும்னு கத்தறாங்க, அந்தக் கத்தல் எனக்குச் சரியா வந்து சேருது. என் பேச்சு எலும்பு வழியா எனக்கே தூக்கலாக் கேக்கறதால நான் கத்தறதா நெனச்சு முணுமுணுக்கறேன். போச்சுடா, இத்தினி வருஷம் நான் போட்ட சண்டையெல்லாம் வீணாப் போச்சான்னு இருந்துச்சு.

ரெண்டு வழி இருக்குன்னாரு. ஒண்ணு, காது மிஷினு. உங்க உள்காது நல்லா இருக்கறதால அது நல்லாவே வேலை செய்யும், ஆபத்து கெடயாது. இன்னொண்ணு ஆப்பரேஷன். இறுகின எலும்போட மேல்பாகத்த எடுத்துட்டு, அடித்தட்டுல ஒரு துளை போட்டு, சின்னதா ஒரு பிஸ்டன நடு எலும்புல மாட்டிவிடறது. பெரும்பாலும் நல்லாக் கேக்கும். ஆனா ரொம்ப அபூர்வமா ஒருத்தருக்கு அந்தக் காது சுத்தமாவே போயிடலாம், அப்புறம் காது மிஷினும் அதுக்கு ஒதவாது. அதனாலதான் மோசமான காத முதல்ல செய்யறது, ஒண்ணு ஒண்ணாச் செய்யறது. "அவசரம் இல்ல. மிஷின மாட்டிப் பாருங்க, அப்புறம் நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னாரு.

மாட்டிப் பாத்தேன். பொய் சொல்லக் கூடாது, வூட்ல அது தங்கம். குக்கர் விசில் திரும்ப வந்துச்சு. எங்க வூட்டுக்காரரு மொத தடவையா ஒரு விஷயத்த ஒரே தடவ சொன்னாரு. ஆனா என் பொழப்பு மாவுலயாச்சே. மில்லுக்குள்ள போட்டா தகரக் கூரையே காதுக்குள்ள வந்து ஒக்காந்துக்குது. கழட்டி வச்சா எங்க வச்சேன்னு தெரியாது. மாவும் வேர்வையும் சேந்து அதோட ஓட்டை அடைச்சுக்கும், ஊசியால குத்திக்கினு ஒக்காந்திருப்பேன். சாயந்திரம் எம் பொண்ணு மில்லுக்கு ஓடி வர்ற நேரத்துக்கு அது டப்பாவுலதான் இருக்கும். பொண்ணு பழையபடி கத்தும். பாத்தேன், ஆப்பரேஷன் பண்ணிக்கலாம்னு சொல்லிட்டேன்.

எங்க வூட்டுக்காரரு வேணான்னாரு. "இருக்கற கொஞ்சமும் போயிட்டா?"

"போனா அது கேக்காத காதுதானே. இன்னொண்ணு இருக்கு, மிஷினு இருக்கு."

"இருந்தாலும்..."

"ஒங்களுக்கு வசதியா இருக்கு, அதான். நான் திட்டறது ஒங்களுக்குக் கேக்கல"ன்னேன். மனுஷன் சிரிச்சுட்டாரு. ஆனா பயந்துதான் இருந்தாரு. நானும்தான். போயிட்டா பொண்ணு கொரலு அந்தப் பக்கம் என்னைக்கும் இல்லன்னு ஆயிடுமே.

ஆப்பரேஷன் ரூமுல மயக்கம் குடுக்கல, காதுல ஊசி போட்டு மரத்துப் போவ வச்சாங்க. மூஞ்சிய மூடிட்டாங்க, மேல எல்லாத்தையும் பெருசாக் காட்டற கண்ணாடி வச்சுக்கினு டாக்டரு ஒக்காந்திருக்காரு. உள்ள எதையோ சொரண்டறது தெரியும், வலிக்காது. ஒரு நேரம் ஊஞ்சல்ல இருந்து தள்ளிவுட்ட மாதிரி ஒலகமே சுத்துச்சு. "ஆடாதீங்க, இது இப்படித்தான் இருக்கும்"னு நர்ஸு கையப் புடிச்சுக்கினாங்க. கொஞ்சம் கழிச்சு டாக்டரு கேட்டாரு, "காலையில காப்பி குடிச்சீங்களா?"ன்னு. மெதுவா, சாதாரணமா, எங்க வூட்டுக்காரரு பேசற மாதிரி.

கேட்டுச்சு. எடது காதுல.

"ஒண்ணும் குடுக்கலியே நீங்க!"ன்னு கத்திட்டேன். அவங்க எல்லாரும் சிரிச்சாங்க, அதுவும் கேட்டுச்சு. துணியத் திணிச்சு அடைச்சதும் எல்லாம் மறுபடி போயிடுச்சு. ஆனா கேட்டுச்சே! கண்ணுல தண்ணி தானா வழிஞ்சு மூஞ்சிய மூடின துணி நனைஞ்சுது.

அப்புறம் வந்த நாளுங்கதான் தண்டனை. தலை சுத்தல், எழுந்தா செவுத்தப் புடிச்சுக்கினுதான் நடக்கணும். சாப்பாடு ஒரு பக்க நாக்குல தகரம் மாதிரி இருந்துச்சு, போவப் போவ சரியாயிடும்னாங்க, அதே மாதிரி ஆச்சு. மூக்கச் சிந்தக் கூடாது. தும்மல் வந்தா வாயத் தொறந்து தும்மணும். காதுல தண்ணி படக் கூடாது, மூட்டை தூக்கக் கூடாது. மாவு மில்லுக்காரிகிட்ட பாத்துத் தும்முன்னு சொல்றாங்க பாருங்க! எங்க வூட்டுக்காரரு என்னைய மில்லுப் பக்கமே வுடல. சாயந்திரம் வந்தா வாசல்லயே சட்டைய ஒதறிட்டுத்தான் உள்ள வருவாரு. அந்த மாவு ஒதறுற மனுஷனப் பாத்தா எனக்குப் பாவமா இருக்கும், கூடவே சந்தோஷமாவும் இருக்கும்.

அடைப்ப எடுத்த அன்னைக்கு அந்த ஆஸ்பத்திரியே என் காதுல வந்து விழுந்துச்சு. பேப்பர் கசங்கறது, நர்ஸோட செருப்பு, ஃபேன் கீச்சுங்கறது. டெஸ்ட் எடுக்கற மேடம் அதே பெட்டிக்குள்ள ஒக்கார வச்சாங்க, நான் பட்டன அமுத்திக்கினே இருந்தேன். வெளிய வந்து அவங்க என் கையப் புடிச்சுக் குலுக்கினாங்க. பஸ்ஸுல வர்றப்ப பிரேக் போட்டான் பாருங்க, ஐயோ, காதே கிழிஞ்சுது. "ஏய்யா, எண்ணெய் கிண்ணெய் போட மாட்டீங்களா?"ன்னு கத்தினேன். மொத்த பஸ்ஸும் திரும்பிப் பாத்துச்சு. என் வாழ்க்கையில ஒருத்தரும் அப்படித் திரும்பிப் பாத்ததில்ல.

மில்லுக்குள்ள திரும்ப வுட நாளாச்சு. போனா, இது இன்னா கருமம்! இந்தச் சத்தத்துக்குள்ளயா இத்தினி வருஷம் ஒக்காந்திருந்தேன்? மலையிலருந்து வந்த அந்த அக்கா வாசல்ல நின்னுகினு இன்னாவோ சொல்லுது, எனக்கு ஒரு எழுத்துப் புரியல. "இன்னா, இன்னா?"ன்னேன். "அடியே, காத ரிப்பேர் பண்ணேன்னாங்க, கெடுத்துக்கினு வந்திருக்க!"ன்னு அது தலையில அடிச்சுக்கிச்சு. இப்ப மிஷினு ஓடறப்ப காத மூடற கவசம் போட்டுக்கறேன், டாக்டரு சொன்னபடி. பாம்புக் காது போச்சு. போவட்டும்.

பெரியம்மாவையும் இழுத்துக்கினு போய்க் காட்டினேன். அவங்களுக்கு உள்காதும் தேஞ்சிருக்கு, ஆப்பரேஷன் பெருசா ஒதவாது, மிஷினுதான் நல்லதுன்னாங்க. மாட்டிக்கினாங்க. மலையடிவாரத்துல மாவு இல்ல, மில்லு இல்ல, அவங்களுக்கு அது ராஜா மாதிரி வேலை செய்யுது. இப்ப கல்யாணத்துல சிரிக்கறதுக்கு முன்னாடி, எதுக்குச் சிரிக்கறீங்கன்னு கேட்டுட்டுத்தான் சிரிக்கறாங்க. சில சமயம் கேட்டுட்டு சிரிக்கறதில்ல.

ஆனா வூட்ல ஒண்ணு மட்டும் மாறல. எம் பொண்ணு கத்தறத நிறுத்தல. பழக்கம் போவல. பக்கத்துல நின்னுகினு "அம்மோவ்!"னு கூப்பிடும், எனக்கு மண்டை தெறிக்கும். "மெதுவா பேசுடி, கேக்குதுடி"ன்னா தலையாட்டும், அடுத்த வார்த்தைய மறுபடி கத்தும். நம்பல அது. காது மிஷினு போட்டப்பவும் கேக்குதுன்னுதானே சொன்னேன், அப்புறம் கழட்டி டப்பாவுல வச்சேன். இதையும் ஒரு நாளு கழட்டி வச்சுடுவேன்னு நெனச்சுதோ இன்னாவோ. எனக்குச் சோர்ந்தே போச்சு. எதுக்காக அந்த ஆப்பரேஷன் மேஜையில படுத்தேனோ அது மட்டும் கெடைக்கல.

ஒரு சாயந்திரம் அடுப்புகிட்ட தோசை ஊத்திக்கினு இருந்தேன். மில்லுலருந்து அப்பதான் வந்திருந்தேன், மூஞ்சி கழுவல. எங்க வூட்டுக்காரரு கட்டில்ல பேப்பர் படிச்சுக்கினு இருந்தாரு. எனக்குப் பின்னாடி, எடது பக்கம், சின்னக் காலு ரெண்டு நைசா வந்து நின்னது கேட்டுச்சு. கொலுசக் கையால அமுக்கிக்கினு வருது போல, அது கூடக் கேட்டுச்சு. நான் திரும்பல. தோசையத் திருப்பிப் போட்டேன்.

பின்னாடி ஒரு கொரலு. மெல்லிசா, பூப்போல. எம் பொண்ணுக்கு அப்படி ஒரு கொரலு இருக்குன்னு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கத்தற கொரலத்தான் நான் எம் பொண்ணு கொரலுன்னு நெனச்சுக்கினு இருந்தேன்.

"மாவு மூஞ்சி"ன்னுச்சு அது.

அதுதான். இத்தினி நாளும் பின்னாடி வந்து சொல்லிட்டு ஓடினது, அப்பனும் பொண்ணும் வாயப் பொத்திக்கினு குலுங்கினது, நான் தலகாணி நனைய நனைய என் காதச் சொல்லிச் சிரிக்கறாங்கன்னு நெனச்சது, எல்லாம் இந்த மாவு மூஞ்சிக்குத்தான்.

தோசைக் கரண்டியோட திரும்பினேன். "யாருடி மாவு மூஞ்சி?"

அது நின்ன எடத்துலயே நின்னுடுச்சு. கட்டில்ல பேப்பர் கீழ விழுந்துச்சு. "கேட்டுடுச்சா?"ன்னுச்சு எம் பொண்ணு. அதையும் மெதுவாத்தான் கேட்டுச்சு.

"கேட்டுடுச்சு. இத்தினி வருஷமா அம்மாவையே திட்டிக்கினு இருந்தியா நீ? ஒங்கப்பனும் கூட்டாளியா?" என் கொரலு தெருவுக்கே கேட்டிருக்கும். எங்க வூட்டுக்காரரு அப்படியே வாசப் பக்கம் நழுவினாரு. தோசை கருகிச்சு. எம் பொண்ணு ஓடி வந்து என் வயித்துல மூஞ்சியப் பொதைச்சுக்கினு சிரிச்சுது, அப்புறம் பாத்தா அழுவுது, நானும் கூடவே அழுதேன், அடுப்ப நிறுத்தத் தோணல.

அப்புறம் அது கண்ணத் தொடைச்சுக்கினு என்னையத் திரும்பி நிக்கச் சொல்லிச்சு. ஒரு அடி தள்ளிப் போய் "மாவு மூஞ்சி"ன்னுச்சு. "கேக்குது"ன்னேன். நிலைப்படிகிட்ட போய் இன்னும் மெதுவாச் சொல்லிச்சு. "கேக்குது." வாசல்ல வேப்பமரத்தாண்ட போயிடுச்சு போல, ரொம்ப நேரம் ஒண்ணும் வரல. சந்தேகப்பட்டுத் திரும்பினேன். அங்க நின்னுகினு சத்தமே இல்லாம வாய மட்டும் அசைக்குது.

"திருட்டுக் கழுத, அதுவும் மாவு மூஞ்சிதான்"ன்னேன். உதட்டப் பாத்துப் படிக்கறது என் பழைய வித்தை, அது எங்க போவப் போவுது. அது சிரிச்சுக்கினே உள்ள ஓடி வந்துச்சு. எடது காத ஆட்டக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும், அதனால கழுத்த மெதுவாக் கட்டிக்கினு, அந்தக் காதுல அன்னைக்குப் பள்ளிக்கூடத்துல நடந்ததெல்லாம் குசுகுசுன்னு சொல்ல ஆரம்பிச்சுது. நான் அடுப்ப நிறுத்திட்டுக் கீழ ஒக்காந்துக்கினேன்.